அப்சார்பன்ஸ் கோட்டின் மேல்பகுதி ஏன் வளைகிறது? எப்படி நீர்த்து அளப்பது?

போர்வெல் தண்ணீரில் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஆய்வகங்களில் பரவலாகச் செய்யும் சோதனை ஒன்று உண்டு. தண்ணீரில் ஃபினாந்த்ரோலின் என்ற மருந்தைச் சேர்த்தால் இரும்பு அதோடு பிணைந்து ஆரஞ்சுச் சிவப்பு நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தி என்பதை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் 510 நானோமீட்டரில் அளப்பார்கள். கருவி காட்டும் அந்த அளவுதான் அப்சார்பன்ஸ். செறிவு தெரிந்த ஐந்தாறு ஸ்டாண்டர்டு கரைசல்களின் அளவைப் புள்ளிகளாக வைத்துக் கோடு வரைந்து, தண்ணீரின் அளவை அந்தக் கோட்டில் பொருத்தி விடை காண்பார்கள். அந்தக் கோடுதான் காலிப்ரேஷன் கோடு.

கீழ்ப்பகுதியில் இந்தக் கோடு நேராகப் போகிறது. மேலே போகப்போக வலப்பக்கம் சாய்ந்து படுத்துவிடுகிறது. ஏன் என்று கேட்டால், "செறிவு கூடினால் பீர் விதி வேலை செய்யாது, மூலக்கூறுகள் ஒன்றையொன்று பாதிக்கும்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். மூலக்கூறுகள் நெருங்கிப் பாதிப்பது உண்மைதான். ஆனால் அது கணக்கில் வருவது பொதுவாக லிட்டருக்கு 0.01 மோலுக்கு மேல். நம் சோதனையில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இரும்பு என்பது 0.00009 மோல்தான், அந்த எல்லைக்கு நூறு மடங்குக்கும் கீழே. அப்படியிருந்தும் கோடு வளைகிறது என்றால் காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும். பெரும்பாலும் அது கருவியில் இருக்கும். சில வேளை நாம் ஊற்றிய மருந்தின் அளவில் இருக்கும். இரண்டில் எது என்று தெரியாமல் நீர்த்தால் விடை மூன்று மடங்கு தப்பிப்போகவும் வாய்ப்புண்டு.

## அப்சார்பன்ஸ் என்பது எதைச் சொல்கிறது

வெயில் அடிக்கும் சன்னலுக்கு ஒரு திரை போடுகிறீர்கள். வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குதான் உள்ளே வருகிறது. அதே துணியில் இரண்டாவது திரை போட்டால் வந்ததிலும் பத்தில் ஒரு பங்கு, அதாவது நூறில் ஒன்று. மூன்றாவதும் போட்டால் ஆயிரத்தில் ஒன்று. திரையின் எண்ணிக்கை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற, வெளிச்சம் பத்துப் பத்து மடங்காகக் குறைகிறது.

அப்சார்பன்ஸ் என்பது இந்தத் திரைகளின் எண்ணிக்கை போன்றது. கருவி அதை நேரடியாக எண்ணுவதில்லை. கடந்து வந்த ஒளியை அளந்து, அதிலிருந்து கணக்கிடுகிறது.

A = log10(I0 / I)

I0 என்பது பிளாங்க் வைத்தபோது வந்த ஒளி. பிளாங்க் என்றால் எல்லா மருந்தும் இருந்து, அளக்க வேண்டிய இரும்பு மட்டும் இல்லாத கரைசல். I என்பது மாதிரியைக் கடந்து வந்த ஒளி. அப்சார்பன்ஸ் 1 என்றால் 10 சதவீத ஒளி வந்திருக்கிறது. 2 என்றால் 1 சதவீதம். 3 என்றால் 0.1 சதவீதம்.

கரைசலில் நிறப்பொருள் இரண்டு மடங்கானால் திரையும் இரண்டு மடங்கு. அதனால்தான் செறிவும் அப்சார்பன்ஸும் நேர்க்கோட்டில் போகின்றன. இதுவே பீர்-லாம்பர்ட் விதி. நம் இரும்புச் சோதனையில் 1 செ.மீ. கியூவெட்டில், அதாவது ஒளி கடக்கும் சதுரக் குப்பியில், அளக்கும் கரைசலின் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இரும்பு ஏறத்தாழ 0.2 அப்சார்பன்ஸ் தரும்.

## கதவிடுக்கில் வரும் வெளிச்சம்

அதே அறையில் கதவுக்கு அடியில் ஓர் இடுக்கு இருக்கிறது. அந்த வழியாக வரும் வெளிச்சத்தைச் சன்னல் திரைகள் தடுப்பதில்லை. ஒரு திரை இருக்கும்போது அந்த வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது. மூன்று திரை போட்டபின் அறையில் இருப்பதே பெரும்பாலும் அதுதான். நான்காவது திரை போட்டாலும் அறை அதற்குமேல் இருட்டாவதில்லை.

கருவியில் இந்த இடுக்குக்கு ஸ்ட்ரே லைட் என்று பெயர். தமிழில் கசிவொளி என்போம். 510 நானோமீட்டர் ஒளியை மட்டும் பிரித்து அனுப்ப வேண்டிய கருவி, உள்ளே நடக்கும் சிதறலாலும் தூசியாலும் பழைய பாகங்களாலும் வேறு அலைநீள ஒளியையும் கொஞ்சம் சேர்த்து அனுப்பிவிடுகிறது. நம் சிவப்புக் கரைசல் 510-ஐத் தடுக்கும். அந்த வேற்று ஒளியில் பெரும்பகுதியைத் தடுக்காது. அது நேராக உணரியில் போய் விழும்.

கணக்காகப் பார்த்தால் இது எவ்வளவு சேதம் செய்கிறது என்பது விளங்கும். பிளாங்கில் சரியான ஒளி 1000 பங்கு வருகிறது, கசிவொளி 5 பங்கு என்று வைப்போம். அதாவது 0.5 சதவீதம், எளிய கருவிகளில் எதிர்பார்க்கக்கூடிய அளவுதான். மாதிரியின் உண்மை அப்சார்பன்ஸ் 1 என்றால் சரியான ஒளி 100 பங்கு, அதோடு கசிவு 5. கருவி log10(1005 / 105) என்று கணக்கிட்டு 0.98 காட்டும். இழப்பு சிறியது. உண்மை 2 என்றால் 10 பங்கு ஒளியோடு 5 பங்கு கசிவு சேர்ந்துவிடுகிறது.

| உண்மை அப்சார்பன்ஸ் | வந்த ஒளி + கசிவு | கருவி காட்டுவது |
|---|---|---|
| 0.5 | 316 + 5 | 0.496 |
| 1 | 100 + 5 | 0.981 |
| 2 | 10 + 5 | 1.826 |
| 3 | 1 + 5 | 2.224 |

இன்னும் எவ்வளவு அடர்த்தியான கரைசலை வைத்தாலும் இந்தக் கருவி 2.30-க்கு மேல் காட்டாது. கசிவு 1 சதவீதமானால் அந்த உச்சி 2.0, 0.1 சதவீதமானால் 3.0. ஒளிப்பாதையை அட்டையால் மறைத்துப் பார்த்தால் இது தெரியவராது. அட்டை, கசிவொளியையும் சேர்த்தே மறைத்துவிடும். அளக்கும் அலைநீளத்தை முழுக்க விழுங்கி மற்றதை விடும் கரைசல்தான் இதைக் காட்டிக்கொடுக்கும். 340 நானோமீட்டரில் சோதிக்க, லிட்டருக்கு 50 கிராம் சோடியம் நைட்ரைட் கரைசலை வைப்பது வழக்கம். அது அந்த அலைநீளத்தில் எதையும் விடாது, ஆகவே உணரிக்கு வருவதெல்லாம் கசிவு.

உச்சிக்கு அருகே இன்னொரு சிக்கலும் சேர்கிறது. உணரியின் அளவில் முழு ஒளியின் 0.1 சதவீதம் அளவுக்குத் தடுமாற்றம் இருந்தால், அப்சார்பன்ஸ் 0.5-ல் அது 0.0014 மட்டுமே மாற்றும். 2-ல் 0.04 மாற்றிவிடும். வளைவோடு புள்ளிகளும் அங்கே ஆடத் தொடங்கும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: அப்சார்பன்ஸ் 1-க்குக் கீழே கசிவொளி பொருட்டில்லை, 1.5-க்கு மேலே அதுவே கோட்டை வளைக்கிறது. இங்கே கரைசல் விதிப்படிதான் நடக்கிறது. வளைவது கருவியின் பார்வை.

## அகலமான ஒளி, தீர்ந்துபோன மருந்து

கருவி அனுப்பும் ஒளி ஒரே அலைநீளமாக இருப்பதில்லை. 510 என்று வைத்தால் அதன் இருபுறமும் சில நானோமீட்டர் சேர்ந்தே வரும். வடிகட்டிக் கண்ணாடி வைத்த கலரிமீட்டரில் இந்த அகலம் பல பத்து நானோமீட்டர். அதில் ஒரு பகுதி ஒளியைக் கரைசல் நன்றாகத் தடுக்கும், இன்னொரு பகுதியைக் குறைவாகத் தடுக்கும். செறிவு ஏறும்போது முதல் பகுதி அணைந்துவிட, இரண்டாவது பகுதியே மிஞ்சி அளவைக் கீழே இழுக்கும். இரும்பு-ஃபினாந்த்ரோலின் நிறமாலையின் உச்சி தட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் 510-ல் இந்தத் தொல்லை குறைவு. உச்சியை விட்டுச் சரிவில் அளந்தால் கூடும். அதனால் அலைநீளத்தை மாற்றிக் குறைந்த அளவு வாங்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கருவியின் அலைக்கற்றை அகலத்தைப் பார்க்க வேண்டும்.

மருந்து தீர்ந்துபோவது இதைவிட ஆபத்தானது. ஒரு இரும்பு அயனிக்கு மூன்று ஃபினாந்த்ரோலின் மூலக்கூறுகள் வேண்டும். 50 மில்லி ஸ்டாண்டர்டு பிளாஸ்க்கில் 0.1 சதவீத ஃபினாந்த்ரோலின் 5 மில்லி சேர்க்கிறோம் என்றால் உள்ளே போவது 5 மில்லிகிராம், ஏறத்தாழ 25 மைக்ரோமோல். அது அதிகபட்சம் 8.4 மைக்ரோமோல் இரும்பைத்தான் பிடிக்கும், எடையில் 0.47 மில்லிகிராம். பிளாஸ்க்கில் அது லிட்டருக்கு 9.4 மில்லிகிராம் ஆகிறது. அதற்கு மேல் இருக்கும் இரும்புக்கு நிறமே வராது. தண்ணீரில் துத்தநாகமோ செம்போ இருந்தால் அவையும் மருந்தில் பங்கு கேட்கும், எல்லை இன்னும் கீழே இறங்கும்.

கசிவொளியால் கோடு மெதுவாகச் சாயும். மருந்து தீர்ந்தால் ஒரு புள்ளிக்குப் பிறகு சட்டென்று படுத்துவிடும். தனியாக ஒரு மாதிரியின் அளவை மட்டும் பார்க்கும்போது இந்த வேறுபாடு தெரியாது.

## R² நன்றாக இருந்தாலும் நம்பக்கூடாது

முன்சொன்ன 0.5 சதவீதக் கசிவுள்ள கருவியில் லிட்டருக்கு 0, 2, 4, 6, 8 மில்லிகிராம் ஸ்டாண்டர்டுகளை வைத்தால் 0, 0.395, 0.785, 1.163, 1.517 என்று கிடைக்கும். கணினியில் நேர்க்கோடு பொருத்தினால், புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் R² 0.9995 வரும். பார்த்தவுடன் கோடு அருமை என்று தோன்றும்.

ஆனால் அந்தக் கோடு பூச்சியத்தில் தொடங்காமல் 0.012-ல் தொடங்குகிறது. ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று பார்த்தால் முதல் புள்ளி கீழே, நடு மூன்றும் மேலே, கடைசி கீழே. புள்ளிகள் தற்செயலாகச் சிதறினால் மேலும் கீழும் கலந்து கிடக்கும். இப்படி வில்லாக நின்றால் அது வளைவு. இந்தக் கோட்டில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் உள்ள மாதிரியை அளந்தால் 0.46 என்று வரும், 8 சதவீதம் குறைவாக. மேலே உள்ள வளைவு கீழே இருக்கும் நல்ல மாதிரியையும் கெடுத்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே முதல் வேலை ஸ்டாண்டர்டுகளைச் சுருக்குவது. 0.5, 1, 2, 3, 4 மில்லிகிராம் என்று வைத்தால் உச்சி 0.8 அருகே நிற்கும். இந்தக் கருவியில் அப்போது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு 0.197 என்ற சரிவோடு, பூச்சியம் வழியே போகும் கோடு கிடைக்கும். இனி வரும் கணக்குகள் எல்லாம் இந்தக் கோட்டை வைத்துத்தான்.

## ஒரே நிறம், இரண்டு தண்ணீர்

இரண்டு போர்வெல் மாதிரிகள். இரண்டிலும் வழக்கப்படி 25 மில்லி எடுத்து 50 மில்லி பிளாஸ்க்கில் ஊற்றி, இரும்பை +2 அயனி நிலைக்கு இறக்க 10 சதவீத ஹைட்ராக்சிலமீன் ஹைட்ரோகுளோரைடு 1 மில்லி, 0.1 சதவீத ஃபினாந்த்ரோலின் 5 மில்லி, அமிலத்தன்மையைச் சீராக்க சோடியம் அசிட்டேட் கரைசல் 4 மில்லி சேர்த்து, தண்ணீரால் கோடுவரை நிரப்பி, கலக்கி, 15 நிமிடம் விட்டு அளக்கிறோம். முதல் மாதிரி 1.675 காட்டுகிறது. இரண்டாவது 1.73. கிட்டத்தட்ட ஒரே தண்ணீர் போலத் தெரியும்.

கோட்டை மேலே நீட்டிக் கணக்கிட்டால் முதல் மாதிரிக்கு 1.675 / 0.197 = 8.5. பாதியாக நீர்த்திருப்பதால் 2-ஆல் பெருக்க, லிட்டருக்கு 17.0 மில்லிகிராம். இந்த எண்ணை எழுதிக்கொடுக்கக் கூடாது, கோடு 4 மில்லிகிராமோடு முடிந்துவிட்டது. எடுக்கும் மாதிரியைக் குறைத்து மறுபடி நிறம் வரவைப்போம். 10 மில்லி எடுத்தால் 0.707 வருகிறது: 3.59, ஐந்து மடங்கு நீர்த்தது, எனவே 17.9. 5 மில்லி எடுத்தால் 0.355: 1.80, பத்து மடங்கு, எனவே 18.0. இரண்டு நீர்த்தலும் ஒத்துப்போகின்றன. 25 மில்லி எடுத்தபோது கிடைத்த விடை மட்டும் தாழ்ந்து நிற்கிறது. 18 என்று எழுதலாம். நேர்க்கோட்டுப் பகுதிக்குள் வந்துவிட்டோம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. மடங்கு மாறினாலும் விடை மாறக்கூடாது.

இரண்டாவது மாதிரியில் பலர் ஒரு குறுக்குவழியில் போவார்கள். நிறம் வந்த கரைசல் கையில் இருக்கிறது, அதையே தண்ணீர் விட்டுப் பத்து மடங்கு நீர்த்து அளக்கலாம் என்று. அளந்தால் 0.185 வருகிறது, கோட்டுக்குள் அழகாக. 0.94, பத்தாலும் இரண்டாலும் பெருக்க 18.8 மில்லிகிராம்.

உண்மையில் அந்தத் தண்ணீரில் இருப்பது லிட்டருக்கு 60 மில்லிகிராம். 25 மில்லியில் 1.5 மில்லிகிராம் இரும்பு, மருந்து 0.47 மில்லிகிராமைத்தான் பிடித்தது, மிச்சம் நிறமில்லாமல் கரைசலிலேயே கிடக்கிறது. அதைத் தண்ணீரால் எத்தனை முறை நீர்த்தாலும் நிறமாகாத இரும்பு நிறமாகிவிடாது. அளவு கோட்டுக்குள் விழுந்ததால் தவறு மறைந்துவிட்டது, அவ்வளவுதான். மூல நீரை முதலிலேயே பத்து மடங்கு நீர்த்து, அதில் 25 மில்லி எடுத்து நிறம் வரவைத்தால் 0.591 வரும்: 3.0, இரண்டாலும் பத்தாலும் பெருக்க 60.

முதல் மாதிரியில் இதே குறுக்குவழி சரியாகவே வேலை செய்திருக்கும், ஏனென்றால் அங்கே மருந்து போதுமானதாக இருந்தது, குறை கருவியில் மட்டும். இந்த வேறுபாட்டையே சோதனையாகப் பயன்படுத்தலாம். நிறம் வந்த கரைசலை நீர்த்தும் ஒருமுறை அளங்கள், மூல மாதிரியை நீர்த்துப் புதிதாக நிறம் வரவைத்தும் ஒருமுறை அளங்கள். இரண்டும் ஒத்தால் வளைவுக்குக் காரணம் ஒளி. மூல மாதிரியின் விடை கூடுதலாக வந்தால் காரணம் மருந்துப் பற்றாக்குறை. வழக்கமான வேலைக்கு விதி ஒன்றே போதும்: நிறம் வருமுன் நீர்க்க வேண்டும்.

## நீர்க்கும்போது கவனிக்க வேண்டியவை

எத்தனை மடங்கு? கிடைத்த அளவு 1 முதல் 1.7 வரை இருந்தால் அதை 0.5-ஆல் வகுத்து, வரும் எண்ணுக்கு அடுத்த வசதியான மடங்கை எடுக்கலாம். 1.675-க்கு 3.4 வரும், 5 எடுத்தால் போதும். கருவியின் உச்சிக்கு அருகே, அல்லது மருந்தின் எல்லைக்கு அருகே, இருக்கும் அளவு "இதற்குக் குறையாது" என்பதை மட்டுமே சொல்லும். அங்கே கணக்குப் போடாமல் 10, 100 என்று இரண்டு நீர்த்தலையும் செய்து பார்ப்பதுதான் வேகமான வழி. 0.2-க்கும் 0.8-க்கும் இடையில் எது விழுகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

"ஒன்றுக்குப் பத்து" என்று வாய்ச்சொல்லாகச் சொல்வதில் நிறையத் தவறு நடக்கிறது. பத்து மடங்கு என்றால் 1 பங்கு மாதிரியோடு 9 பங்கு தண்ணீர், மொத்தம் 10. 1 பங்கோடு 10 பங்கு ஊற்றினால் அது பதினொரு மடங்கு; விடை 9 சதவீதம் குறைவாக வரும். குறிப்பேட்டில் "10 மில்லி எடுத்து 100 மில்லிக்கு நிரப்பியது" என்று எழுதினால் குழப்பமில்லை.

நூறு மடங்கு வேண்டுமென்றால் 1 மில்லியை 100 மில்லியாக்குவதைவிட, 10 மில்லியை 100 மில்லியாக்கி, அதில் 10 மில்லியை மறுபடி 100 மில்லியாக்குவது நல்லது. A வகுப்பு 10 மில்லி பிப்பெட்டின் பிழை 0.02 மில்லி, அதாவது 0.2 சதவீதம். 1 மில்லி பிப்பெட்டில் அது ஒரு சதவீதத்தை நெருங்கும். ஒவ்வொரு படியிலும் பிளாஸ்க்கை மூடித் தலைகீழாகப் பலமுறை கவிழ்த்துக் கலக்கிய பிறகே அடுத்ததற்கு எடுக்க வேண்டும். கழுத்துப் பகுதியில் கலக்காமல் நிற்கும் தண்ணீர்தான் விடை ஆடுவதற்கு அடிக்கடி காரணம்.

இரும்புக்கென்று ஒரு தனிக் கவனம் தேவை. போர்வெல் தண்ணீர் காற்றுப்பட்டதும் இரும்பு ஆக்சிகரணம் அடைந்து பழுப்புத் துகளாகக் கீழே படியும். தெளிந்த மேல்நீரை எடுத்து நீர்த்தால் மொத்த இரும்பு வராது. மாதிரி எடுக்கும்போதே அமிலம் சேர்த்திருக்க வேண்டும். மொத்த இரும்பு வேண்டுமானால் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஹைட்ராக்சிலமீனும் சேர்த்துக் கொதிக்கவைத்துத் துகளைக் கரைத்த பிறகே நீர்க்க வேண்டும். நீர்க்கும் தண்ணீரிலும் சிறிது அமிலம் இருப்பது நல்லது. அதே அளவு அமிலம் பிளாங்கிலும் ஸ்டாண்டர்டிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அசிட்டேட் ஒன்றில் போதும், மற்றொன்றில் போதாது.

தேவைக்கு மேல் நீர்ப்பதும் தவறுதான். அளவு 0.04-ல் விழுந்தால், கியூவெட்டில் பட்ட விரல்ரேகை தரும் 0.002 கூட 5 சதவீதம் ஆகிவிடும். நீர்த்த மடங்கால் பெருக்கும்போது அது அப்படியே விடைக்குள் போய்ச் சேரும். அளவு 0.1-க்குக் கீழே போனால் மடங்கைக் குறைத்து மறுபடி செய்ய வேண்டும்.

மாதிரி கொஞ்சமாக இருந்து நீர்க்க வழியில்லையென்றால் 1 செ.மீ.க்குப் பதில் 0.5 செ.மீ. கியூவெட்டை வைக்கலாம்; அப்சார்பன்ஸ் பாதியாகும், ஸ்டாண்டர்டுகளையும் அதே கியூவெட்டில் அளக்க வேண்டும். கசிவொளித் தொல்லைக்கு அது உதவும். தீர்ந்துபோன மருந்துக்கு உதவாது.